விட்டுப்போன இரண்டு கையெழுத்து

ரொறொன்ரோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில் இருக்கும் உணவு வங்கி ஒன்றின் இயக்குநர் சபைக்கு இரண்டு பேர் தேவை என்று அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அதற்கு விண்ணப்பிக்க நினைத்தார். தன்னைப் பற்றி இருநூறு சொற்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதை எனக்கு அனுப்பி, "அண்ணை, ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ" என்று கேட்டார்.

ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தது, படித்த பள்ளிக்கூடம், 2006இல் கனடா வந்தது, பிள்ளைகள் இருவர், வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள், சமூகத்தின் மீது தனக்குள்ள அளவற்ற பற்று எல்லாம் அதில் இருந்தன. ஏழு ஆண்டுகளாக வியாழன் மாலைதோறும் அதே உணவு வங்கியில் பெட்டி அடுக்குகிறார், அரிசி அளந்து கட்டுகிறார், வரிசையில் நிற்கும் முதியவர்களுக்குப் பை தூக்கிக் கொடுக்கிறார். அதுவும் இருந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் இதை நம்பி ஒரு இயக்குநரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று முதல் வாசிப்பிலேயே எனக்குப் பட்டது.

வேறொரு சமூக அமைப்பின் நியமனக் குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இவர் விண்ணப்பித்த அமைப்போடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இருந்திருந்தால் இவருடைய குறிப்பில் நான் கைவைத்திருக்கக் கூடாது. அந்தக் குழுவில் மூன்று பேர் இருந்தோம். ஒரு இரவில் பதினைந்து, இருபது குறிப்புகளைப் படிப்போம். ஒவ்வொன்றையும் படிக்கும்போது எங்கள் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: பணமும் சட்டமும் மனிதர்களும் சிக்கிக்கொள்ளும் ஒரு விஷயத்தில், இவர் மற்றவர்களோடு உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறாரா? நல்ல மனம் இருக்கிறதா என்று நாங்கள் தேடுவதில்லை. விண்ணப்பித்த எல்லோருக்குமே அது இருந்தது.

தொண்டருக்கும் இயக்குநருக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இந்தக் குறிப்பை எழுத முடியாது. ஒன்ராறியோவில் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான புதிய சட்டம் 2021 அக்டோபர் 19ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி சபையில் குறைந்தது மூன்று இயக்குநர்கள் இருக்க வேண்டும். ஒரு தவணை நான்கு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அமைப்பின் நலனை முன்வைத்து நேர்மையாக நடப்பதும், நிதானமுள்ள ஒருவர் காட்டும் கவனத்தையும் திறமையையும் காட்டுவதும் இயக்குநரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கேட்க மென்மையாக இருந்தாலும் இதற்குப் பல் உண்டு. ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அமைப்பு அரசுக்குக் கட்டத் தவறினால், இயக்குநர்களின் சொந்தப் பணத்திலிருந்து அரசு அதைக் கேட்கலாம். உரிய கவனம் எடுத்தேன் என்று காட்ட முடிந்தவர்தான் அதிலிருந்து தப்ப முடியும். கொடுக்காமல் விட்ட சம்பளத்திலும் ஆறு மாதம் வரையான தொகைக்கு இயக்குநர்கள் பொறுப்பாகலாம். இத்தனைக்கும் அறக்கட்டளை இயக்குநராக இருப்பதற்குச் சம்பளம் கிடையாது.

கனடாக்காரர்கள் இதை 2020இல் தொலைக்காட்சியிலேயே பார்த்தார்கள். 'வீ சேரிட்டி' என்ற பெரிய அறக்கட்டளையின் சபைத் தலைவராக இருந்த மிஷெல் டக்ளஸ், அந்த ஆண்டு ஜூலை மாதம் நாடாளுமன்றத்தின் நிதிக் குழு முன் சாட்சியம் சொன்னார். பெருந்தொற்றின் தொடக்கத்தில் நிர்வாகம் ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியபோது, அதற்கான நிதி விவரங்களைச் சபை கேட்டது என்றும், கேட்டது கிடைக்கவில்லை என்றும், மார்ச் மாதமே தான் விலகிவிட்டதாகவும் சொன்னார். ஒரு சபை எதற்காக இருக்கிறது என்பதை அந்தச் சாட்சியத்தில் பார்க்கலாம். நடக்கும் வேலையைக் கையால் செய்வது அதன் பணியல்ல. கணக்கைக் கேட்பதும், காரணத்தைக் கேட்பதும், பதில் வராவிட்டால் பேசாமல் கையெழுத்துப் போடாதிருப்பதும்தான் அதன் பணி.

ஆகவே நம்மவருடைய ஒன்றரைப் பக்கத்தில் நான் தேடியது இதைத்தான். எங்கும் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

"தங்கச்சி, நீங்கள் எந்தச் சங்கத்திலயாவது பொறுப்பில இருந்தனீங்களோ?"

"பெரிசா ஒண்டும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில கொஞ்சக் காலம் பொருளாளரா இருந்தனான். அதெல்லாம் எங்கட ஆக்களுக்குள்ள நடக்கிறதுதானே, எழுதேல்லை."

கொஞ்சக் காலம் என்றது நான்கு ஆண்டு. 2014 முதல் 2018 வரை. ஆண்டுக்குச் சுமார் அறுபதாயிரம் டாலர் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாகப் போய்வந்தது. கலைமாலை நடத்திப் பணம் சேர்ப்பார்கள், ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டக் கொடுப்பார்கள். இவர் பொறுப்பேற்றபோது காசோலையில் ஒருவர் மட்டுமே கையெழுத்திடுவது வழக்கமாக இருந்தது. அவசரத்துக்கு உதவும் என்று சில வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வைத்தும் இருந்தார்கள். கலைமாலை வாசலில் வசூலாகும் ரொக்கத்தை ஒருவரே எண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் வங்கியில் போடுவார்.

யாரும் திருடவில்லை. அதை இவர் அழுத்திச் சொன்னார். ஆனாலும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ்களைச் சரிபார்ப்பது இவருடைய வேலை என்பதால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மூன்று மாற்றங்களைச் சொன்னார். எல்லாக் காசோலைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். வாசல் பணத்தை இருவர் அங்கேயே எண்ணி, ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மாதந்தோறும் வங்கி அனுப்பும் விவரத்தைச் சங்கத்தின் பேரேட்டோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டைப் பொருளாளர் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும்.

இது நிறைவேற மூன்று கூட்டங்கள் ஆயின. மூத்த உறுப்பினர் ஒருவர் மனம் நொந்துபோய், "அப்ப நீர் எங்களை நம்பேல்லையோ?" என்று கேட்டாராம். "நாளைக்கு ஆரும் உங்களைக் கேள்வி கேட்கக் கூடாது அண்ணை, அதுக்குத்தான்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மூன்றாம் கூட்டத்தில் அந்த மூத்தவரே தீர்மானத்தை வழிமொழிந்தார்.

பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. ஒரு ஆண்டு கலைமாலைக்கு மண்டபம் பிடிக்க மூன்று இடங்களில் விலை கேட்டிருந்தார்கள். அதில் ஒரு மண்டபம் இவருடைய சொந்தச் சகோதரன் நடத்துவது. அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை இவர் அறைக்கு வெளியே போய் நின்றிருக்கிறார். இவர் வெளியேறியதும் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருந்தது. நலன் முரண் வரும்போது ஒன்ராறியோ சட்டம் இயக்குநரிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதேதான்: விஷயத்தை வெளிப்படுத்து, அந்தப் பேச்சு நடக்கும் பகுதியில் இராதே, வாக்களிக்காதே. சட்டத்தைப் படிக்காமலே அதை இவர் செய்திருக்கிறார்.

"இதையெல்லாம் ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"இது பெருமைப்படுற விஷயமோ அண்ணை? சண்டை மாதிரியெல்லோ இருக்கு."

இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நம் சங்கங்களில் வளர்ந்தவர்களுக்குப் பதவியும் பாராட்டும் எழுதத் தகுந்தவையாகவும், கேட்ட கேள்வியும் மாற்றிய நடைமுறையும் மறைக்க வேண்டியவையாகவும் தோன்றுகின்றன. நியமனக் குழு தேடுவதோ அந்தப் பின்னதை. பெயருக்கு முன்னால் தலைவர், போஷகர், காப்பாளர் என்று எத்தனை வந்தாலும், அந்த நாற்காலியில் இருந்தபோது என்ன மாறியது என்பது தெரியாவிட்டால் குழுவுக்கு அதனால் பயனில்லை.

அடுத்து உணவு வங்கிப் பக்கம் வந்தோம். ஏழு ஆண்டு வியாழன் மாலைகளைப் பற்றி எழுதத்தான் வேண்டும். சபைக்கு ஆள் எடுக்கும்போது சமூகத்தோடு உள்ள ஈடுபாட்டையும் பார்ப்பார்கள். ஆனால் பற்று, அர்ப்பணிப்பு, தன்னலமற்ற சேவை என்ற சொற்களை எந்த விண்ணப்பத்திலும் எடுத்துப் பொருத்தலாம். அதனாலேயே அவற்றைப் படிக்கும் கண் அங்கே நிற்காமல் கடந்துவிடும். இவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது அந்த ஏழு ஆண்டுகளில் இருக்கிறதா என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். வியாழன்களில் ஆறு மணிக்குக் கதவு சாத்துவார்கள். சாத்திய பிறகும் ஆட்கள் வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். பெரும்பாலும் தொழிற்சாலை வேலையும் துப்புரவு வேலையும் முடிந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்து, இவர் ஒரு கொப்பியில் எட்டு வாரம் கணக்கெடுத்தார். எந்த வாரமும் பதினொரு பேருக்குக் குறையவில்லை, ஒரு வாரம் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அந்தத் தாளை முகாமையாளரிடம் கொடுத்தார். அவர் அதைச் சபைக்குக் கொண்டுபோனார். இப்போது மாதத்தில் இரண்டு வியாழன் எட்டு மணி வரை திறந்திருக்கிறது.

தேடியது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருந்தது. "நான் உணவு வங்கியின் நேரத்தை மாற்றினேன்" என்று எழுத எவருக்கும் கை துறுதுறுக்கும். மாற்றியவர் இவரல்ல, சபை. இவர் கணக்கெடுத்துக் கொடுத்தார். குறிப்பைப் படிக்கப்போகிறவர்களில் சிலர், அந்த முடிவை எடுத்தபோது அதே மேசையில் இருந்தவர்களாக இருக்கலாம். வினைச்சொல் ஒரு படி ஏறினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். எடுத்துக்கொடுத்தேன், முன்மொழிந்தேன், வாக்களித்தேன், நடைமுறைப்படுத்தினேன் என்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு பொறுப்பைக் காட்டுகின்றன. எது நடந்ததோ அதைத்தான் எழுத வேண்டும்.

முதல் வரைவின் கடைசிப் பத்தியில் இன்னொரு பிசகு இருந்தது. "ஸ்கார்பரோத் தமிழ் மக்களின் குரலாகச் சபையில் ஒலிப்பேன்" என்று எழுதியிருந்தார். தமிழர் நிறைந்து வாழும் இடத்தில் இது இயல்பாக வரும் வாக்கியம். மனசார எழுதியது என்பதும் தெரியும். ஆனால் இயக்குநரின் கடமை அமைப்பு முழுவதற்கும் உரியது, தன்னை அனுப்பிய கூட்டத்துக்கு உரியதல்ல. தமிழரிடமிருந்து வந்த நன்கொடையைச் சோமாலியக் குடும்பத்துக்கான குழந்தை மாவுக்குச் செலவிடுவது சரியா என்ற கேள்வி வந்தால், எது உணவு வங்கிக்கும் அதை நாடி வருவோருக்கும் நல்லது என்று பார்த்து வாக்களிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். 'குரல்' என்ற சொல்லைப் பார்த்ததும், ஒரே விஷயத்துக்காக வருகிற ஆளோ என்று குழு தயங்கும். இவரிடம் இருப்பதோ குரலைவிடப் பயனுள்ள ஒன்று. தமிழில் பேசிப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது. கோயில்களோடும் ஊர்ச்சங்கங்களோடும் பழக்கம் இருக்கிறது. உதவி கேட்டு வர வெட்கப்படும் தமிழ் முதியவர்கள் எதற்குத் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. சபைக்கு அந்த அறிவைக் கொண்டுவருகிறேன் என்றால் பொருந்தும்.

இன்னொரு செய்தியை எழுதலாமா என்று அவர் தயங்கினார். கனடா வந்த முதல் குளிர்காலத்தில் அவர்களுடைய குடும்பமே உணவு வங்கியில் பொருள் வாங்கியிருக்கிறது. குழுவில் இருந்தவன் என்ற முறையில் அது பெரிய தகுதி என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்றவருக்குத் தெரிவது வேறு எவருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குறிப்பு மூன்று பேர் கையோடு முடிந்துவிடாது. தேர்வானால் ஆண்டுப் பொதுக்கூட்ட ஆவணத்தில் வரும், அமைப்பின் ஆண்டறிக்கையில் வரும், இயக்குநரின் பெயர் வருமான வரித் துறையின் பொதுப் பட்டியலிலும் வரும். பிள்ளைகள் படிப்பார்கள், உறவினர் படிப்பார்கள். கணவரோடும் பிள்ளைகளோடும் பேசிவிட்டு முடிவு செய்யச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "போடுவம் அண்ணை. மூத்தவள்தான் போடச் சொன்னவள்" என்றார்.

கடைசியில் நின்ற குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அது இப்படி வரும்:

"ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விநியோகத்தர்களின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவதும் மாத முடிவில் வங்கிக் கணக்கை ஒப்பிடுவதும் என் பொறுப்பு. 2014 முதல் 2018 வரை, ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் கையாளும் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் பொருளாளராக இருந்தேன். காசோலைகளுக்கு இரண்டு கையெழுத்து, ரொக்கத்தை இருவர் எண்ணுதல், மாத ஒப்பீட்டை இன்னொருவர் பார்த்தல் ஆகியவற்றை முன்மொழிந்தேன். மூன்று கூட்டங்களின் விவாதத்துக்குப் பின் சங்கம் அவற்றை ஏற்றது. இரண்டு தவணை முடிந்ததும், அடுத்த பொருளாளருக்குப் பயிற்சி கொடுத்து விலகினேன்.

இந்த உணவு வங்கியில் ஏழு ஆண்டுகளாக வியாழன் மாலைகளில் தொண்டு செய்கிறேன். கதவு மூடிய பிறகு வருவோரை எட்டு வாரம் எண்ணி, அந்தக் கணக்கை முகாமையாளரிடம் கொடுத்தேன். பின்னர் சபை இரண்டு மாலைகளில் நேரத்தை நீட்டித்தது. 2006இல் என் குடும்பமும் ஒரு உணவு வங்கியின் உதவியோடு ஒரு குளிர்காலத்தைக் கடந்தது. தமிழ் பேசுவேன். உதவி நாடத் தயங்கும் முதியவர்களோடு தொடர்ந்து பழகுகிறேன். சபையில் நிதிக் குழுவில் பணியாற்ற விரும்புகிறேன். மாதம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடியும்."

பள்ளிக்கூடத்தின் பெயரும் பாராட்டுப் பத்திரங்களும் போய்விட்டன. அவற்றை எடுத்தபோது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. "மனசு கேக்குதில்லை" என்றார். எனக்கும் புரிந்தது. ஆனால் இருநூறு சொல்லில் இடம் அவ்வளவுதான்.

இதில் மூன்று இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மூன்று கூட்டங்களின் விவாதத்துக்குப் பின்" என்பதை அவர் நீக்கப் பார்த்தார், நான் விடவில்லை. எதிர்ப்பு இருந்தது, பொறுமையாகப் பேசினார், எவரையும் பகைக்கவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு தொடரில் அடங்கியிருக்கிறது. நேர்முகத்தில் யாராவது பிடித்துக்கொண்டு கேட்கக்கூடிய நுனியும் அதுதான். "விலகினேன்" என்பது இரண்டாவது. தவணை முடிந்தும் நாற்காலியை விடாதவர்களால் எத்தனையோ சங்கங்கள் இரண்டாக உடைந்திருக்கின்றன. அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவர் என்பது சபைக்குக் கேட்க இனிக்கும் செய்தி. மூன்றாவது, அந்த எட்டு மணி நேரம். கூட்டம் இரண்டரை மணி, நிதிக் குழு ஒன்றரை மணி, இரண்டுக்கும் ஆவணங்களை முன்கூட்டிப் படிக்க நான்கு மணி என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்துத்தான் எழுதினோம். வியாழன் மாலைகளை அதில் சேர்க்கவில்லை.

நியமனக் குழுவில் இருந்தபோது எங்களைத் தயங்க வைத்த குறிப்புகள் வேறு விதமானவை. ஒரே சமயத்தில் ஏழெட்டுச் சபைகளில் இருப்பதாகச் சொல்பவர்களுக்கு எங்கள் ஆவணங்களைப் படிக்க நேரம் எப்போது கிடைக்கும் என்று யோசிப்போம். "நிறுவுநர்" என்று எழுதியிருந்தால், அந்த அமைப்பு இன்னும் இயங்குகிறதா, அதற்கு வேறு இயக்குநர்கள் உண்டா என்று பார்ப்போம். பதிவுபெற்ற அறக்கட்டளை என்றால் பார்ப்பது கடினமில்லை. கனடாவில் ஒவ்வொரு பதிவுபெற்ற அறக்கட்டளையும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற படிவத்தை வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். அதன் பெரும்பகுதியை எவரும் பார்க்கலாம். ஒருவர் தான் மூன்று ஆண்டு இயக்குநராக இருந்ததாக எழுதியிருந்தார். படிவத்தில் அவர் பெயர் ஒரே ஒரு ஆண்டுதான் இருந்தது. மறதியாகவும் இருக்கலாம், ஆனால் அவரை நாங்கள் அழைக்கவில்லை.

அதே படிவத்தை விண்ணப்பிக்கிறவரும் பார்க்கலாமே என்று நம்மவரிடம் சொன்னேன். உணவு வங்கியின் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை எடுத்து அவரே படித்தார். மொத்த வருமானத்தில் அரசு மானியத்தின் பங்கு கூடிக்கொண்டே போவதைக் கண்டார். அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று தீர்மானித்தோம். வெளியிலிருந்து எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவர்களுக்குப் பாடம் சொல்வதுபோல ஆகிவிடும். ஆனால் நேர்முகத்தில், மானியம் ஒரு ஆண்டு நின்றுபோனால் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்க அது அவருக்கு உதவியது. நிதிக் குழுவில் பணியாற்ற விரும்புகிறேன் என்ற வரிக்கு அந்தக் கேள்வி துணை நின்றது.

ஒரு விஷயத்தைக் குறிப்பில் எழுதாமல், தனித் தாளில் எழுதச் சொன்னேன். அவருடைய மைத்துனர் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறார். உணவு வங்கி எப்போதாவது அங்கே அரிசி மூட்டை வாங்குவதுண்டு. முதலில் அவர், "சொன்னால் எடுக்க மாட்டினமோ?" என்று பயந்தார். உறவினர் கடை இருப்பது குற்றமல்ல, அது பின்னால் வேறொருவர் வாயால் தெரியவருவதுதான் கெடுதி. விண்ணப்பத்தோடு நலன் வெளிப்படுத்தும் படிவம் ஒன்று வரும். அதில் கடையின் பெயர், உறவு, தோராயமாக எத்தனை முறை வாங்குகிறார்கள் என்பதை எழுதினார். பொதுவில் வரும் குறிப்பில் மைத்துனரின் தொழிலைப் போட வேண்டிய தேவை இல்லை, அவரிடம் அதற்கு அனுமதி கேட்கவும் இல்லை.

இவ்வளவு செய்தும் தேர்வாகாமல் போகலாம். அந்த ஆண்டு சபைக்கு வழக்கறிஞர் ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம், ஏற்கெனவே இரண்டு கணக்கர்கள் இருந்திருக்கலாம். சபையில் எந்தத் திறமை இருக்கிறது, எது குறைகிறது என்று ஒரு அட்டவணை போட்டு, காலியான கட்டத்துக்குத்தான் ஆள் தேடுவார்கள். குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிரம்பிய கட்டத்தைக் காலியாக்காது. அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை முதலிலேயே படிக்கச் சொல்வது அதனால்தான். இந்த அறிவிப்பில் நிதி அறிவுள்ள ஒருவர், சேவையைப் பயன்படுத்திய அனுபவமுள்ள ஒருவர் என்று இரண்டையும் கேட்டிருந்தார்கள். இவரிடம் இரண்டும் இருந்தது.

நேர்முகத்தில் எதிர்பார்த்தபடியே அந்த மூன்று கூட்டங்களைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். ஜூன் மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர் இயக்குநராக இருக்கச் சம்மதம் என்று பத்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அன்றிரவே கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்து, வாழ்த்துச் சொல்ல எடுத்தேன்.

"இன்னும் போடேல்லை அண்ணை. சம்பளத்தில பிடிக்கிற வரி எல்லாம் இந்த மாதம் வரைக்கும் கட்டியாச்சோ, இயக்குநர்களுக்குக் காப்புறுதி இருக்கோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறன். பதில் வரட்டும்."

ஏழாம் நாள் பதில் வந்தது, கட்டியதற்கான சான்றுகளோடு. அன்று மாலை கையெழுத்திட்டார்.